மனசுக்கும் ஒரு பத்தி: பெரிய முடிவை நோட்டில் எடைபோட மூன்று வழிகள்

வேலையை விட்டு ஊருக்குத் திரும்புவதா, வந்த சம்பந்தத்துக்குச் சரி சொல்வதா, இந்த வயதில் மேலே படிக்கப் போவதா என்று ஒரு பெரிய முடிவு முன்னால் வந்து நிற்கும்போது, நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம் என்று எழுதிப் பார்ப்பது பலருக்கும் வழக்கம். எழுதி முடித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்து நிற்கும். இல்லையென்றால் ஒரு பக்கம் தெளிவாகக் கனக்கும், ஆனால் மனசு அதற்கு ஒத்துக்கொள்ளாது. அப்புறம் அறிவு சொல்வதைக் கேட்பதா, மனசு சொல்வதைக் கேட்பதா என்று தூக்கம் கெடும்.

இரண்டையும் போட்டிக்கு நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. மனசு சொல்வதை அதே நோட்டில், ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்திலேயே எழுதிவைத்தால், பட்டியலில் எது விடுபட்டிருக்கிறது, எது தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். எல்லா முடிவுக்கும் இது வேண்டியதில்லை. அதனால் வெறும் சாதக பாதகப் பட்டியல், மனம்போல எழுதும் டைரி, இரண்டையும் சேர்த்த மூன்று பத்தி நோட்டு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, எது எதற்குப் பொருந்தும் என்று பார்க்கலாம்.

இரண்டு பத்திப் பட்டியல்

இந்த முறையைத் தெளிவாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதபோதகராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, ஷெல்பர்ன் பிரபுவிடமிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. போவதா வேண்டாமா என்று அவர் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். 1772 செப்டம்பர் 19 அன்று பிராங்க்ளின் எழுதிய பதிலில், என்ன முடிவெடுப்பது என்று தன்னால் சொல்ல முடியாது, எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். அரைத்தாளில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரிக்க வேண்டும். சாதகமும் பாதகமும் தோன்றத் தோன்ற எழுத வேண்டும். ஒரு சாதகமும் ஒரு பாதகமும் சம எடை என்றால் இரண்டையும் அடித்துவிட வேண்டும். ஒரு சாதகம் இரண்டு பாதகத்துக்குச் சமம் என்றால் மூன்றையும் அடிக்க வேண்டும். கடைசியில் எந்தப் பக்கம் மிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் முடிவு. பிரீஸ்ட்லி அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ஆக்சிஜன் பற்றிய அவருடைய புகழ்பெற்ற சோதனை 1774-இல் அந்தப் பிரபுவின் மாளிகையில்தான் நடந்தது.

இந்தக் கடிதத்தில் இன்று பலரும் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு. பிராங்க்ளின் அந்தத் தாளை மூன்று நான்கு நாள் கையில் வைத்திருந்து எழுதச் சொன்னார். எல்லாக் காரணமும் ஒரே நேரத்தில் மனதில் நிற்பதில்லை, ஒரு சமயம் ஒரு கூட்டம் வரும், இன்னொரு சமயம் வேறொரு கூட்டம் வந்து முதலாவதை மறைத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ராத்திரி பத்து நிமிடத்தில் எழுதி முடிக்கும் பட்டியலில் அந்த ராத்திரிக்கு உரிய காரணங்கள் மட்டும்தான் இருக்கும்.

இந்தப் பட்டியலின் பலம், பணம், தூரம், தேதி மாதிரி எண்ணிக்கையில் சொல்லக்கூடியவற்றை நேருக்கு நேர் நிறுத்திக் கழித்துக் காட்டுவது. பலவீனமும் அங்கேதான். வார்த்தையில் சொல்ல எளிதாக இருப்பது தாளில் இடம் பிடித்துவிடும், சொல்ல வராதது வெளியே நின்றுவிடும். உளவியலாளர் திமோதி வில்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மாணவர்களிடம் சில சுவரொட்டிகளைக் காட்டி, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். சில ஓவியங்கள், சில வேடிக்கையான படங்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்களில் வேடிக்கைப் படத்தை எடுத்தவர்கள் கூடுதல். சில வாரம் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதாமல் எடுத்தவர்களைவிட இவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. வேடிக்கைப் படம் ஏன் பிடிக்கிறது என்று சொல்வது சுலபம், ஓவியம் ஏன் பிடிக்கிறது என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. சுவரொட்டிக்கே இப்படி என்றால், யாரோடு எங்கே வாழ்வது என்பதில் சொல்ல வராத காரணங்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனம்போல எழுதும் டைரி

இது நேர் எதிரான வழி. தோன்றுவதையெல்லாம் எழுதிக்கொண்டே போவது. என்ன கேள்வி என்றே தெளிவாகாமல் மனசு புழுங்கும்போது இது நல்லது. எழுத எழுத, பிரச்சினை வேலையைப் பற்றியதே இல்லை, வீட்டில் நடந்த ஒரு பேச்சைப் பற்றியது என்று தெரியவரும்.

ஆனால் முடிவெடுக்க இதை மட்டும் நம்புவது கடினம். மனசு நொந்த நாளில்தான் அதிகம் எழுதுவோம், சாதாரண நாளில் நோட்டைத் தொடமாட்டோம். திரும்பப் படித்தால் வாழ்க்கை முழுக்க அழுகையாகத் தெரியும். எந்த வரி எந்தக் காரணத்தைத் தொட்டு வந்தது என்பதும் பிடிபடாது. 'இன்னைக்கு ரொம்ப பாரமா இருந்துச்சு' என்று இருக்கும், எதை நினைத்தபோது என்று இருக்காது.

மூன்று பத்தி நோட்டு

இதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். திறந்தால் தெரியும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இடது பக்கத்தில் சாதகம், பாதகம் என இரண்டு பத்தி. வலது பக்கம் முழுக்க மனசுக்கு. இடது பக்கம் ஒரு காரணத்தை எழுதியதும், அதற்கு நேராக வலது பக்கம் அந்த நொடியில் உடம்பிலும் மனசிலும் என்ன நடந்தது என்று ஒரே வரியில் எழுத வேண்டும். ஏன் என்று எழுதக்கூடாது. 'வயிறு பிசைந்தது', 'ஒன்றும் தோன்றவில்லை', 'மூச்சு லேசானது', 'இதை எழுதவே தள்ளிப்போட்டேன்' என்ற அளவு போதும். விளக்கம் எழுத ஆரம்பித்தால் வலது பக்கமும் இன்னொரு சாதக பாதகப் பட்டியலாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, கடைசியாக யாரிடம் பேசினீர்கள் என்று பக்கத்தின் மேலே குறித்துவையுங்கள். மாமியாரிடம் போனில் பேசிவிட்டு எழுதியதையும், ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்தபடி எழுதியதையும் ஒன்றாக எடைபோட முடியாது.

அதே காரணங்களைப் பத்துப் பதினைந்து நாளுக்குள் மூன்று நான்கு முறையாவது, வெவ்வேறு வேளையில் மறுபடியும் படித்து, வலது பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும். முன்பு எழுதியதை ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அன்று எழுதியதையே ஒப்பிப்போம். இடையில் இரண்டு நாள் 'போவதென்று முடிவாகிவிட்டது' என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு வழக்கமான வேலைகளைப் பார்த்து, ராத்திரி ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இரண்டு நாள் 'போவதில்லை' என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். முடிவைப் பற்றிப் பேசும்போது வரும் உணர்வும், அந்த முடிவுக்குள் இருந்துகொண்டு பல் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வரும் உணர்வும் வேறு வேறு.

இனி, அது எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு நோட்டு. என் சித்தி மகள் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன். சித்தி தென்காசியில் தனியாக இருக்கிறார். மூட்டுவலி, சர்க்கரை, ஒரு முறை குளியலறையில் வழுக்கி விழுந்ததும் ஆயிற்று. தென்காசியிலேயே ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைக்கும் என்று தெரிந்தது. கணவருக்குச் சென்னையில் வேலை, மகன் ஒன்பதாம் வகுப்பு. போவதா வேண்டாமா என்பது கேள்வி. நோட்டைக் காட்டி, எழுதிக்கொள்ளவும் சம்மதம் தந்தாள்.

முதல் பாதகம் சம்பளம். இங்கே 42,000, அங்கே 27,000. பார்த்தால் 15,000 ரூபாய் இழப்பு. கழித்துப் பார்த்தபோது கதை மாறியது. சென்னை வாடகை 16,000. தென்காசியில் சொந்த வீடு. கணவர் இங்கே அறை எடுத்துத் தங்க 6,000 ஆகும். ஆக இங்கே கையில் நிற்பது 26,000, அங்கே 21,000. மாதாமாதம் பொதிகை எக்ஸ்பிரஸில் அம்மாவைப் பார்க்கப் போய்வர ஆகும் 3,000 அங்கே மிச்சம். உண்மையான இழப்பு 2,000 ரூபாய்தான். இந்த வேலையைப் பட்டியல் அழகாகச் செய்தது. மனசை எவ்வளவு கேட்டாலும் இந்தக் கணக்கு வந்திருக்காது. அந்த வரிக்கு எதிரே வலது பக்கம் ஒவ்வொரு முறையும் 'ஒன்றும் இல்லை' என்றே இருந்தது.

இரண்டாவது பாதகம் மகனின் பத்தாம் வகுப்பு. சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் சொன்னது இதைத்தான். இடது பக்கம் பெரிய எழுத்தில், அடிக்கோட்டோடு இருந்தது. வலது பக்கம் முதல் நாள் 'பயம்', அடுத்த முறை 'லேசான பயம்', மகனிடமே பேசிய பிறகு 'பரவாயில்லை'. தகவல் வர வர இறங்கிக்கொண்டே போன பயம் இது.

மூன்றாவது ஒரு சாதகம்: அம்மாவோடு இருக்கலாம். இதற்காகத்தானே இத்தனையும். இங்கே வலது பக்கத்தில் அவள் எழுதியிருந்தது: 'தோள் இறுகுகிறது'. அடுத்த முறை காலையில் எழுதியபோதும் 'தோள், கழுத்து'. வேலை முடிந்து வந்து எழுதியபோதும் அதே. 'போவதென்று முடிவாகிவிட்டது' என்று வைத்திருந்த இரண்டு நாள் ராத்திரியும், தூக்கம் வரவில்லை என்று இருந்தது.

வெறும் பட்டியலாக இருந்தால் இது பெரிய சாதகம் என்று எண்ணப்பட்டு, எதிரே இருந்த இரண்டு பாதகங்களை அடித்திருக்கும். வெறும் டைரியாக இருந்தால் 'எனக்குப் போகவே பிடிக்கவில்லை போல' என்ற இடத்தில் வந்து நின்றிருக்கும், கூடவே அம்மாவைப் பார்க்க மனசில்லாத மகள் என்ற குற்ற உணர்வும் சேர்ந்திருக்கும். இந்த நோட்டில் இறுக்கம் எந்த வரியில் வருகிறது என்று தெரிந்ததால், அந்த ஒரு வரியைப் பிரித்து எழுத முடிந்தது. அம்மாவோடு காலையில் சாப்பிடுவது: தோள் சும்மா இருந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது: சும்மா இருந்தது. ராத்திரி அம்மா எழுந்தால் கூடவே எழுவது: லேசாக. அண்ணன் இரண்டு தெரு தள்ளி இருப்பது: அங்கேதான் தோள் இறுகியது.

விஷயம் என்னவென்றால், இப்போது அண்ணன்தான் மாத்திரை வாங்கித் தருகிறார், மாதப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறார், கரண்ட் பில் கட்டுகிறார். இவள் போய் இறங்கிய மறுநாளே அதெல்லாம் இவள் தலையில் விழும், அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் முன்பே அப்படி நடந்திருக்கிறது. இதைப் பாதகமாக எழுதினால் அண்ணனைக் குறை சொல்வதுபோல ஆகும் என்பதால் பட்டியலில் அது வரவே இல்லை. முழுக்க முழுக்க நடைமுறைக் காரணம், யார் என்ன வேலை செய்வது என்ற கேள்வி. ஆனால் அது உடம்பு வழியாகத்தான் தாளுக்கு வந்தது.

அவள் அண்ணனுக்குப் போன் செய்து, இன்னின்ன வேலை நீ பார்ப்பது, இன்னின்ன நான் பார்ப்பது என்று நேராகப் பேசினாள். அவர் முதலில் சுணங்கினார், பிறகு பரிசோதனையும் மருந்தும் தன் பொறுப்பு, வாரம் இரண்டு ராத்திரி அம்மாவோடு படுத்துக்கொள்வதும் தன் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எழுதிய பக்கத்தில் அந்த வரிக்கு எதிரே 'இருக்கிறது, முன்பு மாதிரி இல்லை' என்று இருந்தது. ஒரே பாய்ச்சலில் வேலையை விடாமல், பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப்போய் இருந்து பார்ப்பது என்ற மூன்றாவது வழியும் அந்தப் பக்கத்தில்தான் முதன்முறையாக வந்தது. அதைத்தான் செய்தாள்.

நோட்டைப் படிக்கும்போது தேட வேண்டியது, இடது பக்கமும் வலது பக்கமும் முரண்படும் வரிகளைத்தான். இடது பக்கம் பெரிதாக இருந்து வலது பக்கம் சும்மா இருந்தால், அது பெரும்பாலும் ஊர் சொன்ன காரணம். இடது பக்கம் சாதகமாக இருந்து வலது பக்கம் இறுகினால், அந்த வரிக்குள் எழுதப்படாத ஒன்று ஒளிந்திருக்கிறது, பிரித்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வரிகளில் நேரம் செலவிட வேண்டாம்.

எங்கே தவறிப்போகும்

மாற்றத்தின் மேல் வரும் சாதாரண பயத்தையும், கவனிக்க வேண்டிய எச்சரிக்கையையும் பிரித்துப் பார்ப்பதுதான் இதில் கடினமான பகுதி. நான் நம்பும் அடையாளம் இது: சாதாரண பயம் எல்லா வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், விவரம் தெரியத் தெரிய இறங்கும், ராத்திரி ஏறி காலையில் குறையும். கவனிக்க வேண்டியது ஒரே வரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், வேளை மாறினாலும் போகாது. சித்தி மகளின் நோட்டில் பத்தாம் வகுப்பு முதல் வகை, அண்ணன் இரண்டாவது வகை.

மனசுக்குத் தெரியாத விஷயத்தில் மனசைக் கேட்பது இன்னொரு தவறு. டேனியல் கானமனும் கேரி கிளைனும் உள்ளுணர்வை நேர் எதிரான கோணங்களில் ஆராய்ந்தவர்கள். ஒருவர் அது எங்கே ஏமாற்றும் என்று பார்த்தவர், மற்றவர் தீயணைப்பு வீரர்கள் போன்ற அனுபவசாலிகளிடம் அது எப்படி உதவுகிறது என்று பார்த்தவர். 2009-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு இடத்தில் ஒத்துப்போனார்கள்: ஒழுங்கான போக்கு உள்ள ஒரு துறையில், செய்ததன் பலனை உடனுக்குடன் பார்த்துப் பழகியவரின் உள்ளுணர்வைத்தான் நம்பலாம். அண்ணன் எப்படி நடந்துகொள்வார் என்பதில் என் சித்தி மகளுக்கு நாற்பது வருட அனுபவம். அந்த ஆய்வகம் ஐந்து வருடம் கழித்தும் நடக்குமா என்பதில் அவளுக்கு எந்த அனுபவமும் இல்லை. அந்த வரிக்கு எதிரே 'நல்லபடியாகத் தோன்றுகிறது' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, அங்கே வேலை பார்ப்பவர்களிடம் விசாரி என்று சொன்னேன்.

வலது பக்கம் எல்லா வரியிலும், எல்லா நாளும், போனாலும் இருந்தாலும் ஒரே இருட்டாக இருந்தால் அது முடிவைப் பற்றிய தகவல் ஆகாது. மனச்சோர்வில் இருக்கும்போது எல்லாப் பாதையும் மூடியதாகவே தெரியும். தள்ளிப்போட முடிந்த முடிவு என்றால் தள்ளிப்போட்டு, முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதேபோல, வீட்டில் ஒருவர் கைநீட்டுகிறார், மிரட்டுகிறார் என்ற நிலையில் அவர் கண்ணில் படக்கூடிய நோட்டில் எதையும் எழுதாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள்.

எது எதற்கு

வண்டி வாங்குவது, எந்த வங்கியில் கடன் எடுப்பது, இரண்டு வாடகை வீட்டில் எது என்பதற்கெல்லாம் பிராங்க்ளினின் தாள் போதும், நாலு நாள் கையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. என்ன பிரச்சினை என்றே தெரியவில்லை என்றால் டைரியில் தொடங்குங்கள், கேள்வி ஒரு வரியில் எழுதும் அளவுக்குத் தெளிவானதும் அதை மூடிவிடுங்கள். மனிதர்கள் சம்பந்தப்பட்ட, எளிதில் திரும்பிவர முடியாத, குறைந்தது இரண்டு வாரமாவது அவகாசம் உள்ள முடிவுக்கு மூன்று பத்தி நோட்டு. நாளை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றால் இது உதவாது. ஒரே நாளில் எழுதிய வலது பக்கம் அன்றைய மனநிலையை மட்டும்தான் காட்டும்.

முடிக்கும் தேதியை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் எழுதுவதே முடிவைத் தள்ளிப்போடும் வழியாகிவிடும். முடிவெடுத்த அன்று கடைசியாக ஒரு பக்கம்: என்ன முடிவு, எந்த மூன்று வரிகள் அதைத் தீர்மானித்தன, ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். நடந்து முடிந்த பிறகு 'எனக்கு அப்பவே தெரியும்' என்று நம் நினைவு மாற்றிச் சொல்லும். உளவியலாளர் பாருக் பிஷ்ஹாஃப் 1975-லேயே சோதனை நடத்திக் காட்டிய விஷயம் அது. அந்தக் கடைசிப் பக்கம் இருந்தால், மனசு எந்த இடத்தில் சரியாகச் சொன்னது, எந்த இடத்தில் பட்டியல் சரியாகச் சொன்னது என்று அடுத்த பெரிய முடிவுக்கு முன்னால் எடுத்துப் பார்க்கலாம். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு போவதென்றே முடிவெடுத்த சித்தி மகளின் கடைசிப் பக்கத்தில் இருந்த எதிர்பார்ப்பு இரண்டு: அண்ணன் மூன்று மாதத்தில் ஒருமுறை நழுவப் பார்ப்பார், மகன் புதிய பள்ளியில் முதல் பரீட்சையில் மார்க் குறைவாக எடுப்பான். இரண்டுக்கும் பக்கத்தில் டிசம்பர் மாதம் சரிபார்க்க ஒரு கட்டம் வரைந்து வைத்திருக்கிறாள்.